எழுநூற்றிருபது குறைவு

கடன் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சல்லடை. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் மேனேஜர் அறையிலிருந்து "இதை சல்லடைகிட்ட குடுங்க" என்று குரல் வரும்போது, அது தனக்குத்தான் வருகிறது என்று அவள் பாட்டுக்குக் கையை நீட்டிவிடுவாள்.

வண்டிக் கடன் கேட்டு வருகிறவர்களின் சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது அவள் வேலை. முன்பெல்லாம் காகிதமாக வந்தது, இப்போது எல்லாம் போனில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட். தட்டச்சு வேலைக்குத்தான் சேர்ந்தாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அடித்துக் கொடுக்கும் எண்களைக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத ஒரு நமைச்சல் அவளுக்கு. அந்த நமைச்சலே பிற்பாடு வேலையாகிவிட்டது.

மூன்று கேள்விதான் அவள் கேட்பாள். பி.எஃப். பிடித்தது அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு வருகிறதா? சில கம்பெனிகள் ஓர் உச்சவரம்போடு நிறுத்திக்கொள்ளும். அப்படியானால் மாதாமாதம் ஒரே எண் வர வேண்டும், வருகிறதா? அடுத்தது, வருமான வரி அந்தச் சம்பளத்துக்கு நம்பும்படி இருக்கிறதா? கடைசியாக, மொத்தத்தில் பிடித்தம் போனால் கைக்கு வருவது, கீழே போட்டிருக்கும் எண்தானா? சம்பளத்தை ஊதிக்காட்ட நினைக்கிறவர்கள் அடிப்படையை மாற்றுவார்கள், மொத்தத்தை மாற்றுவார்கள், கடைசி எண்ணை மாற்றுவார்கள். நடுவில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பி.எஃப்.பை மறந்துவிடுவார்கள். அது பழைய சம்பளத்தைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

உட்கார்ந்தால் வலது கால் ஆடும். நின்றால் கை எதையாவது தேடும். ஓட்டலில் சாப்பிட்டால் பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போவாள். அவள் கணவர் நேர் எதிர். மை தயாரிக்கும் ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் உருளைகளைத் துடைத்துக் கழுவி, மறுபடி பூட்டுகிற வேலை. தன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். "நீ பாத்துக்கோம்மா" என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட வாக்கியம்.

அன்று காலை பத்தரை மணிக்கு அவருடைய ஸ்க்ரீன்ஷாட் வந்தது.

அவர்கள் வாங்கப்போகும் இரண்டு அறை வீட்டுக்கு ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தார்கள். முன்பணம் கட்டியாயிற்று. கடைசி மூன்று மாதச் சீட்டில் இந்த மாதத்தது மட்டும் பாக்கி. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுத்தால்தான் கோப்பு போகும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார் என்று வங்கி ஏஜென்ட் இரண்டு நாளாகக் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டிருந்தான். சம்பளம் மறுநாள்தான் கணக்கில் ஏறும், சீட்டு முந்தைய நாளே ஆலையின் செயலியில் வந்துவிடும். கணவர் வேலைக்குள் நுழையுமுன் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படியே ஏஜென்டுக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். விரல் அந்தப் பக்கம் போகவும் செய்தது. கண் அதற்குள் கூட்டத் தொடங்கிவிட்டது.

அடிப்படை 30,000. வீட்டுப்படி 12,000. இதர படி 8,000. மொத்தம் 50,000. பிடித்தத்தில் பி.எஃப். 2,880, வரி 2,000. கைக்கு வருவது 35,120.

ஐம்பதாயிரத்தில் நாலாயிரத்து எண்ணூற்று எண்பது போனால் 45,120 வர வேண்டும். முதல் எண் நாலுக்குப் பதில் மூன்று. சரியாகப் பத்தாயிரம் காணோம்.

வலது கால் ஆடத் தொடங்கியது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, கஸ்டமர் சீட்டா?"

"ம்" என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

"கூட்டல் உதைக்குதே! தூக்கிப் போடுங்க. கையை வச்சிருக்கான்."

"கையை வச்சவன் கூட்டிப் போட்டிருப்பானா, குறைச்சுப் போட்டிருப்பானா?"

"அவசரத்துல நாலை மூணாக்கிட்டான் போல. திருட்டுக்கும் படிப்பு வேணும்க்கா." அவள் சிரித்துவிட்டு, பின்னால் நின்ற மேனேஜரையும் கூப்பிட்டாள். "சார், இங்க வாங்க, ஒரு நவரசத் திலகம் வந்திருக்கு."

மேனேஜர் குனிந்து பார்த்தார். "வலது பக்கம் வெட்டியிருக்கே. வெட்டினாலே சந்தேகம்தான். ஆள் யாரு?"

"மை ஆலையில இயந்திரம் பாக்கறவர்."

"நிராகரிச்சிடுங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கு இரக்கம் காட்டினா நம்ம தலையில விடியும்."

இருவரும் போனபின் அவள் போனைக் குப்புற வைத்தாள். கட்டிய புருஷனை அலுவலகமே கூடி நின்று திருடனாக்கிவிட்டுப் போகிறது, அவள் 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பி.எஃப். விடவில்லை. முப்பதாயிரத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 3,600. போன மாதச் சீட்டில் அப்படித்தான் இருந்தது. இங்கே 2,880. எழுநூற்றிருபது குறைவு. இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பதைப் பன்னிரண்டால் வகுத்து நூறால் பெருக்கினாள். 24,000.

உடனே விளங்கிவிட்டது. படத்தில் இருப்பது ஒப்பந்தப்படி வர வேண்டிய சம்பளத்தின் பத்தி. அதற்கு வலது பக்கத்தில், வேலை செய்த நாளுக்கு உண்மையில் கிடைத்த சம்பளத்தின் பத்தி இருந்திருக்கும். போன் திரை அகலம் போதாமல் அது வெட்டுப்பட்டுவிட்டது. பி.எஃப். பிடித்தது அந்தக் காணாத பத்தியின் அடிப்படையில். முப்பது நாள் மாதத்தில் முப்பதாயிரம் இருபத்து நாலாயிரம் ஆனால் ஆறு நாள் சம்பளம் இல்லை. படிகளும் அதே விகிதத்தில் குறையும், மொத்தம் 40,000. அதில் பிடித்தம் போனால் 35,120. எண்ணுக்கு எண் பொருந்தியது. சீட்டில் ஒரு பிசகும் இல்லை.

கணக்கு தீர்ந்தால் அவளுக்கு வழக்கமாக மூச்சு சீராகும். இன்று ஆகவில்லை.

ஆறு நாள். இந்த மாதம் வேலை நாளில் ஒரு நாள்கூட அவர் வீட்டில் இருக்கவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை இவளே கட்டிக் கையில் கொடுத்தாள். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வந்தது. அப்படியானால் அந்த ஆறு டப்பாவும் எங்கே காலியாயின?

வேலை போய்விட்டதோ? பாதி மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டார்களோ? சொன்னால் வீட்டுக் கடன் நின்றுவிடும் என்று பயந்து, தினமும் கிளம்பி எங்காவது மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறாரோ? இருபது வருஷக் கடன். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் சம்பளம் ஒன்றை வைத்துத் தவணை கட்ட முடியாது. அதை அவளே எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

ஏஜென்டைக் கூப்பிட்டாள். "தம்பி, இந்த மாசச் சீட்டுல கொஞ்சம் குழப்பம் இருக்கு. நாளைக்குத் தரலாமா?"

"மேடம், விளையாடாதீங்க. என்ன குழப்பம்?"

சொன்னாள். பத்தாயிரம் இடிக்கிறது என்பதை மட்டும்.

"அவ்வளவுதானா? மூணை நாலாக்குங்க, முடிஞ்சு போச்சு. போன்லயே பண்ணலாம். யாரு மேடம் கூட்டிப் பாக்கப் போறாங்க?"

"என்னை மாதிரி ஒருத்தி அங்கயும் உக்காந்திருப்பா தம்பி."

"இருந்தாலும் நாலு போட்டா கூட்டல் சரியாத்தானே வரும்?"

"கூட்டல் வரும். பி.எஃப். வராது."

அவன் பெருமூச்சு விட்டான். "உங்களுக்கு லோன் வாங்கித் தர்றதுக்குப் பதிலா நான் மூட்டை தூக்கலாம். அஞ்சு மணி மேடம்."

மதிய இடைவேளையில் கணவரின் போன் திறந்திருக்கும். அந்த நேரம் வரும்வரை அவள் நான்கு தரம் தண்ணீர் குடிக்க எழுந்தாள். ஒரு வாடிக்கையாளரின் சீட்டை இரண்டு முறை சரிபார்த்து, மூன்றாம் முறையும் கையில் எடுத்தாள்.

"சொல்லும்மா." பின்னால் இரைச்சல் ஒன்றும் இல்லை. ஆலையில் இருந்தால் இரைச்சல் வேண்டாமா?

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? சாப்பிடறேன். கத்தரிக்காய்ல உப்பு போடலை நீ."

"இந்த மாசம் லீவு ஏதாவது எடுத்தீங்களா?"

"எனக்கு ஏது லீவு? உங்க அண்ணன் ஆபரேஷனோட தீந்து போச்சே." கொஞ்சம் நிறுத்தி, "ஏன், ஊருக்கு எங்கயாவது போகணுமா?" என்றார்.

பதில் நேராகத்தான் இருந்தது. நேராக இருப்பதே அவளைக் குடைந்தது. விடுப்பு தீர்ந்தவர் வேலைக்கு வராவிட்டால்தானே சம்பளம் வெட்டுவார்கள். 'சீட்டைப் பார்த்தேன்' என்று சொல்ல நாக்கு வந்தது. சொன்ன பிறகு அந்தப் பக்கம் ஒரு மௌனம் விழுந்தால் என்ன செய்வது? போனில் அந்த மௌனத்தைக் கேட்க அவளுக்குத் திராணி இல்லை.

"ஒண்ணுமில்லை. சாப்பிடுங்க" என்று வைத்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னும் பார்க்காத ஓர் எண் பாக்கி இருந்தது. அது வரி.

போன மாதம் வரி 2,400. இந்த மாதம் 2,000. நானூறுதான் குறைவு. பி.எஃப். போல ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் 1,920 அல்லவா வர வேண்டும்? வராது. வரி அந்தந்த மாதச் சம்பளத்துக்குப் போடுவதில்லை. வருஷம் முழுக்க வரப்போகும் வருமானத்துக்கு வரியைக் கணக்கிட்டு, அதுவரை பிடித்ததைக் கழித்து, மீதியை மிச்சமிருக்கும் மாதங்களுக்குப் பிரித்துப் போடுவார்கள். பத்தாயிரம் குறைந்ததால், அவர் இருக்கும் வரிப் படிநிலைக்கு நூற்றுக்கு இருபது வீதம் வருஷ வரியில் இரண்டாயிரம் குறையும். இந்த மாதத்தோடு சேர்த்து வரி வருஷத்தில் ஐந்து மாதம் பாக்கி. ஐந்தால் வகுத்தால் நானூறு. எந்த விலக்கும் கேட்டு எழுதிக் கொடுக்காத மனுஷன், அதனால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் வரப்போகும் மாதங்களின் சம்பளத்தையும் கணக்கிலிருந்து எடுத்திருப்பார்களே! அப்போது வருஷ வருமானம் மளமளவென்று சரிந்து, வரி பிடிக்க வேண்டியதே இருந்திருக்காது. இரண்டாயிரம் பிடித்திருக்கிறார்கள் என்றால், வருஷக் கடைசிவரை அவர் முழுச் சம்பளத்தில் இருப்பார் என்று ஆலை நம்புகிறது.

இரண்டு நிறுத்தம்வரை அந்த நிம்மதி தாங்கியது. மூன்றாவதில், 'சம்பளம் போடுகிறவருக்கு இன்னும் சேதி போயிருக்காது' என்று தோன்றியது. அதோடு அது போயிற்று.

ஆலை வாசலில் காவலாளி பெயரைக் கேட்டார், கணவர் பெயரைக் கேட்டார். "அவரா? உள்ளதான் இருக்காரு" என்றார். 'இன்றைக்கு இருக்கிறார். அந்த ஆறு நாள்?' என்று அவரிடம் கேட்க முடியுமா? சம்பளப் பிரிவுக்கு வழி கேட்டாள்.

அங்கே ஒரே ஓர் ஆள் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி நெத்தியில இருக்கு சார்."

"தெரியும்மா. வேறொண்ணைத் தேடறேன்" என்று இறக்கிக்கொண்டார். "மாசக் கடைசியில வந்து நிக்கறீங்களே. என்ன விஷயம்?"

அவள் போனை நீட்டினாள். அலுவலகத்தில் பேசுகிற குரல் தானாக வந்தது. "பி.எஃப். பிடித்தத்தை வச்சுப் பாத்தா கிடைச்ச அடிப்படை இருபத்து நாலாயிரம் வருது சார். ஆறு நாள் வெட்டு. அது எந்த ஆறு நாள்னு தெரியணும்."

அவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "சீட்டுக்கு உரியவர் வரலையா?"

"அவர் உள்ள வேலையில இருக்காரு. நான் அவரோட மனைவி."

"அவரே கேட்டிருக்கலாமே."

"அவர் கேட்டிருந்தா நான் ஏன் சார் பேருந்து பிடிச்சு வர்றேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிரிவுத் தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கணவரை வரவழைத்தார். அந்தப் பத்து நிமிஷம் அவள் உட்காரவே இல்லை. நாற்காலியைச் சுற்றி வந்தாள், சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை முழுக்கப் படித்தாள்.

கணவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "வீட்ல யாருக்காவது ஏதாவது..."

"யாருக்கும் ஒண்ணுமில்லை. உங்களுக்குத்தான் ஆறு நாள் சம்பளம் இல்லை."

"எனக்கா? ஏன்?"

அந்த 'ஏன்' என்ற சொல்லை அவள் கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதில் வெட்டுப்பட்ட பக்கம் எதுவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சம்பளப் பிரிவுக்காரர் வருகைப் பதிவைத் திரையில் திறந்தார். "இதோ. இந்த மாசம் இரண்டாவது வாரம், திங்கள்லருந்து சனி வரை ஒரு பதிவும் இல்லை. மெஷின்ல விரல் வைக்கலையா?"

"வச்சேனே சார். அது சிவப்பாவே எரிஞ்சுது. பின்னால வரிசை நிக்குது, ஷிப்ட்டுக்கு நேரமாச்சுன்னு உள்ள போயிட்டேன். காவலாளிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"ஆறு நாளுமா?"

"அந்த வாரம் மையைக் கழுவற புது கரைப்பான் வந்துது சார். உருளை துடைச்சதுல விரல் தோல் உரிஞ்சு போச்சு." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். புதுத் தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது.

அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அந்த வாரம் அவர் போன் அவர் விரலுக்குத் திறக்கவில்லை. "உங்க போனுக்கே உங்களைப் பிடிக்கலை" என்று கேலி செய்து, நான்கு எண் கடவுச்சொல்லை இவள்தான் போட்டுக் கொடுத்தாள். காலையிலிருந்து எல்லா எண்ணையும் பிரித்து மேய்ந்தவளுக்கு அது மட்டும் எட்டவில்லை.

"பதிவு இல்லேன்னா செயலியில எச்சரிக்கை வரும்யா. அன்னைக்கே திறந்து 'வேலைக்கு வந்தேன்'னு போட்டா, உங்க தலைவர் ஒப்புதல் கொடுத்திருப்பாரு. மாசக் கடைசியில நான் பதிவைப் பூட்டிடுவேன்."

"செயலியா? அதைச் சீட்டுக்கு மட்டும்தான் சார் திறப்பேன்."

பிரிவுத் தலைவரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "அந்த வாரமா?" என்று அவர் குரல் அறை முழுக்க நிரம்பியது. "நீலத்துலருந்து மஞ்சளுக்கு மாத்தின வாரம்! அந்த ஆள் வராம இருந்தா எங்க மஞ்சள் எல்லாம் பச்சையா இல்ல போயிருக்கும்? எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

ஆனால் இந்த மாதச் சம்பளம் வங்கிக்குப் போய்விட்டது. ஆறு நாள் பணம் அடுத்த மாதம் நிலுவையாகத்தான் சேரும். அவள் மணியைப் பார்த்தாள்.

"சார், அதையே ஒரு கடிதமா தர முடியுமா? வருகைப் பதிவுக் கோளாறு, ஆறு நாளும் வேலை செய்தவர், தொகை அடுத்த மாதம் சேரும்னு. முத்திரையோட."

"இப்பவேவா?"

"இப்பவே சார். அஞ்சு மணிக்கு ஒரு வீடு போயிடும்."

அவர் அடித்துக் கொடுத்ததை அவள் ஒரு தரம் படித்து, "நிகர ஊதியம்னு போட்டிருக்கீங்க, மொத்த ஊதியம்தானே பத்தாயிரம்?" என்றாள். அவர் திருத்தி மறுபடி அச்செடுத்தார்.

சீட்டின் முழுப் பக்கத்தையும் கடிதத்தையும் அங்கேயே படம் பிடித்து ஏஜென்டுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் அவன் கூப்பிட்டான். "மேடம், மூணை நாலாக்கியிருந்தா வேலை இன்னும் சுலபம்."

"தம்பி, கோப்பு போகுமா போகாதா?"

"போகும் போகும். கடிதம் இருக்கே. எங்க சார் கொஞ்சம் மூஞ்சியைத் தூக்குவார். நான் பாத்துக்கறேன்."

வாசல்வரை கணவர் கூட வந்தார். இன்னும் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. "இதை போன்லயே கேட்டிருக்கலாமேம்மா. இவ்வளவு தூரம் எதுக்கு வந்த?"

"சும்மாதான்" என்றாள். அவர் கேட்டதையே திருப்பிக் கேட்கும் மனுஷன் இல்லை. அன்று விட்டுவிட்டார்.

அடுத்த மாதச் சீட்டை அவர் இரண்டு படமாக அனுப்பினார். இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று. சாயங்காலம் அவள் சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஆலையில் இப்போது அவருக்கு விரலுக்குப் பதில் அட்டை கொடுத்திருந்தார்கள். அது கழுத்தில் தொங்கியது.

சம்பளம் 50,000, நிலுவை 10,000, மொத்தம் 60,000. பி.எஃப். இந்த மாதத்துக்கு 3,600, நிலுவைக்கு 720, சேர்த்து 4,320. வரி 2,500. ஐந்து மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம் போக வேண்டியதில் இரண்டாயிரம் போயாயிற்று, மீதி பத்தாயிரத்தை நான்கு மாதத்துக்குப் பிரித்தால் அவ்வளவுதான். கைக்கு 53,180.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலை." அவர் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஆறு நாள் நான் எங்க போயிருப்பேன்னு நினைச்ச?"

மேசைக்கு அடியில் கால் ஆடியது. "வேலை போயிடுச்சுன்னு நினைச்சேன். எனக்குச் சொல்லாம டப்பாவைத் தூக்கிட்டுப் போய் எங்கயோ மரத்தடியில உக்காந்து சாப்பிடறீங்கன்னு நினைச்சேன்."

அவர் கை உரிப்பதை நிறுத்தியது. போனில் அன்று அவள் கேட்கப் பயந்த மௌனம் இப்போது மேசைமேல் விழுந்தது. ஒரு பட்டாணி உருண்டு தரையில் போயிற்று. இருவரும் அதை எடுக்கவில்லை.

"வேலை போனா நான் உன்கிட்டதானேம்மா முதல்ல வரணும்?" என்றார். "எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கலாம்னு எனக்கு யாரு போட்டுச் சொல்றது?"

அவள் குனிந்து பட்டாணியைத் தேடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு அவர் போனை இழுத்து, ஆலையின் செயலியில் படிக்காமல் கிடந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவருக்கும் தெரியும்படி மேசை நடுவில் வைத்தாள்.